நீளப்பெயர்க் கூடை

பாஸ்போர்ட் அச்சிடும் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பெயர்ப் பிரிவு இருந்தது. படியேறி மூச்சு வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது ஆள் அல்ல, ஒரு வெள்ளைப் பலகை. ‘பிழையில்லா நாட்கள்’ என்று நீல மையில் எழுதி, கீழே ஒரு எண். தினமும் காலையில் பிரிவு மேலாளர் பையைக்கூட வைக்காமல் அந்த எண்ணை அழித்து, ஒன்றைக் கூட்டி எழுதுவார். எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அலுவலகம் அவருக்குப் ‘புள்ளிவிவரம்’ என்று பெயர் வைத்திருந்தது. அது தனக்குக் கிடைத்த பட்டம் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பலகைக்கு நேரெதிரே, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். ஒப்புநோக்கும் வேலையில் இருபத்தேழு வருஷம். அவள் மேஜை விளக்கோடு சேர்த்துத் திருகிவைத்த வட்ட லென்ஸ் ஒன்று இருந்தது. அதன் வழியாகப் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். யாரிடம் என்ன குறை என்பது அவளுக்கு உடனே பெரிதாகத் தெரியும். தன் குறை மட்டும் அந்த லென்ஸுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இரண்டு வரி ஓடுமே, நெருக்கி நெருக்கி எழுத்தும் எண்ணும் இடையிடையே அம்புமுனையுமாக, அதுதான் இந்தப் பிரிவின் சோறு. மனிதர்கள் படிப்பதற்கு மேலே அழகாகப் பெயர் அச்சாகியிருக்கும். இந்த இரண்டு வரி இயந்திரம் படிப்பதற்கு. வரிக்கு நாற்பத்து நான்கு கட்டம். முதல் வரியில் இது பாஸ்போர்ட், இன்ன நாடு கொடுத்தது என்பதற்கு ஐந்து கட்டம் போக, பெயருக்கு மிஞ்சுவது முப்பத்தொன்பது. உலகத்தில் எந்தக் கோடீஸ்வரனுக்கும் நாற்பதாவது கட்டம் கிடையாது.

அந்த முப்பத்தொன்பதிலும் ஆங்கிலத்தின் இருபத்தாறு பெரிய எழுத்தும் அம்புமுனையும்தான் உட்காரலாம். முதலில் குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புமுனை, பிறகு சொந்தப் பெயர். பெயருக்கு நடுவே சின்னக் கோடு இருந்தால் அங்கே ஒரு அம்புமுனை. எழுத்துகளுக்கு இடையே மேலே கொக்கி இருந்தால் கொக்கியைத் தூக்கிவிட்டு எழுத்துகளை ஒட்டவைத்துவிட வேண்டும். டாக்டர் பட்டம், பரம்பரைப் பட்டம் எல்லாம் வாசலோடு சரி. ஓ என்ற எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்து எழுதுகிற பெயர்கள் உண்டு. அவற்றுக்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான விதிப்புத்தகம் இரண்டு வழி காட்டுகிறது. ஓ-வுக்குப் பின்னால் ஒரு ஈ சேர்க்கலாம், அல்லது புள்ளிகளை உதிர்த்துவிட்டு வெறும் ஓ போடலாம். எதை எடுப்பது என்பது அந்தந்த நாடு எடுக்கிற முடிவு. இந்த அலுவலகம் ஆதியிலிருந்து புள்ளியை உதிர்த்தே வந்தது.

இடம் போதாத பெயர்களுக்கு என்று பூதக்கண்ணாடியின் மேஜையில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. முப்பத்தொன்பதைத் தாண்டுகிற பெயரைக் கணினி தானாக வெட்டாது. விண்ணப்பத்தை அச்சடித்து அந்தக் கூடைக்கு அனுப்பிவிடும். அவள் பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டு, எங்கே குறைப்பது என்று பார்ப்பாள். எதை வெட்டினாலும் சொந்தப் பெயரில் ஒரு எழுத்தாவது வரியில் நிற்க வேண்டும், அது விதி. குடும்பப் பெயர் எவ்வளவு நீண்டாலும் அதன் வாலை நறுக்கி, இரண்டு அம்புமுனைக்கும் ஒரு எழுத்துக்கும் இடம் விட்டாக வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் ஒரு ஆளைக்கூட அவள் தலையில்லாமல் அனுப்பியதில்லை.

புள்ளிவிவரம் வந்த இரண்டாம் மாதம் கூடை போயிற்று.

“ஒரு நாளைக்கு நாலு பேர் பேருக்கு ஒரு ஆள் உக்காந்து பென்சில் சீவுறதா? எந்தக் காலத்துல இருக்கோம்மா?” என்றார். மென்பொருள்காரர்களிடம் சொல்லி, முப்பத்தொன்பதாவது கட்டத்தோடு கத்தரித்துவிடும்படி செய்தார். அதே சூட்டில் இன்னொரு சுற்றறிக்கை. இனி புள்ளி வைத்த ஓ எல்லாம் ஓ-ஈ. ஏன் என்று கேட்டதற்கு, புத்தகத்தில் அதுதான் முதலில் போட்டிருக்கிறது, முதலில் போட்டிருப்பதுதான் உசத்தி என்றார். ஹோட்டல் பட்டியலில் முதலில் இருப்பதை வரவழைத்துச் சாப்பிடுகிற ஜாதி அவர். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் புதியதில் வேறு மாதிரியும் பெயர் வந்து, விமான டிக்கெட்டோடு ஒட்டாமல் ஒரு வயலின் வித்துவான் விமான நிலையத்தில் உட்கார்ந்து அழுதார். அதை அவர் ‘பயணிகளின் கவனக்குறைவு’ என்ற தலைப்பில் சேர்த்தார்.

மூன்றாவது சுற்றறிக்கைதான் பூதக்கண்ணாடியின் வயிற்றில் அடித்தது. அச்சாகி வரும் பாஸ்போர்ட்டைப் படிப்பான் இயந்திரத்தில் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தால், கண்ணால் ஒப்புநோக்க வேண்டாம், அப்படியே அனுப்பலாம்.

அவள் எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

“சார், பச்சை எரியிறது ரெண்டாவது வரிக்கு. பாஸ்போர்ட் நம்பருக்கு ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கு, பொறந்த தேதிக்கு ஒண்ணு, காலாவதித் தேதிக்கு ஒண்ணு, எல்லாத்தையும் சேத்துக் கடைசியில ஒண்ணு. மெஷின் கணக்குப் போட்டுப் பாத்து பச்சை காட்டும். முதல் வரிக்கு அப்படி எதுவுமே கிடையாது சார். பேர் தப்பா இருந்தாலும் பச்சைதான் எரியும்.”

“அத்தனை இலக்கம் சரியா இருக்கிறப்போ பேர் மட்டும் எப்படிம்மா தப்பா இருக்கும்?” என்று அவர் சிரித்தார். “உங்க வேலை போயிடுமோன்னு பயப்படுறீங்க. புரியுது. மனுஷங்கதானே.”

அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள், படுக்கைக்குக் கொண்டுபோனாள், மறுநாள் திரும்ப அலுவலகத்துக்கும் கொண்டுவந்தாள். இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னபடி செய்வோம், பச்சை எரிந்தால் தள்ளுவோம், என்றைக்காவது ஒருநாள் இந்த ஆள் மூக்குடைபட்டு நிற்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம். பழகிய கண் சும்மா இருக்குமா? தவறு கண்ணில் படத்தான் செய்தது. பட்டதை மேஜை இழுப்பறையில் இருந்த ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டாள். தேதி, பாஸ்போர்ட் எண், என்ன தப்பு, பச்சை விளக்கு, அனுப்பப்பட்டது. ஒவ்வொரு வரி எழுதும்போதும் நாக்கில் இனிப்புத் தடவினதுபோல் இருந்தது. நோட்டு நிறைய நிறைய, புள்ளிவிவரத்தின் குழி ஆழமாகிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். எழுதியவை எல்லாம் யாரோ ஒருவரின் பெயர் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

இருநூற்றுப் பதினொன்றாம் நாள், காலை பத்தரை மணிக்கு, ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். செவிலி. கையில் இரண்டு பாஸ்போர்ட், ஒரு கடிதம். கீழே புகார் ஜன்னலில் இருந்தவன் அவளை மூன்று இடத்துக்கு அலைக்கழித்துவிட்டு, நான்காவதாக மேலே அனுப்பியிருந்தான். பின்னாலேயே அவளுடைய அப்பா, தச்சுவேலைக்காரர், விரல்களில் மரப்பிசின் கறையோடு படியேறி வந்தார்.

“நானும் எங்க அக்காவும் ரெட்டைப் பிள்ளைங்க மேடம்,” என்றாள் செவிலி. “ரெண்டு பேருக்கும் வெளிநாட்டுல ஒரே ஆஸ்பத்திரியில வேலை கெடச்சிருக்கு. விசா கேட்டோம். அந்த ஆபீஸ்ல இருந்து இந்த லெட்டர் வந்திருக்கு.”

பூதக்கண்ணாடி கடிதத்தை வாங்கினாள். வழவழப்பான மரியாதையில் எழுதியிருந்தார்கள். ஒரே குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இல்லை, ஒரே பிறந்த தேதி, ஒரே பாலினம், இரண்டு பாஸ்போர்ட். ஒரே நபர் இரண்டு பாஸ்போர்ட் பெற்று இரண்டு விண்ணப்பம் போட்டிருப்பதாகத் தோன்றுகிறது. எனவே இரண்டும் நிறுத்திவைக்கப்படுகின்றன. வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய பாஸ்போர்ட் காட்டாவிட்டால் இரண்டும் நிராகரிக்கப்படும். அங்கேயும் ஒரு புள்ளிவிவரம் இருப்பார்போல. மேலே அச்சில் இருந்த இரண்டு வெவ்வேறு பெயரையும், படத்தில் ஒருத்திக்கு மட்டும் தாடையில் இருந்த தழும்பையும் எந்த மனிதக் கண்ணும் பார்க்கவில்லை. இயந்திரம் அடி வரியைப் படித்தது, அத்தோடு சரி.

அன்று புதன்கிழமை.

“எங்க பழைய வேலைய ரெண்டு பேரும் விட்டுட்டோம் மேடம். திங்கக்கிழமைக்குள்ள அங்க சேரலைன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுடுவாங்க. அக்கா ரெண்டு நாளா சாப்பிடல.”

“எம் பொண்ணுங்க பொறந்தப்போ, எது எதுன்னு அடையாளம் தெரியாம காலுல ஒரு நூலு கட்டி வெச்சோம்மா,” என்றார் தச்சர். “இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு சர்க்காரு அந்த நூல அவுத்துட்டுது.”

பூதக்கண்ணாடி இரண்டு பாஸ்போர்ட்டையும் லென்ஸுக்கு அடியில் வைத்தாள். வைக்கும்போதே அவளுக்குத் தெரியும். இந்தக் குடும்பப் பெயரை அவள் மறக்கவில்லை. பாட்டன், பூட்டன், ஊர், வீடு எல்லாம் சேர்ந்து நாலு துண்டாக நீளும் பெயர், அதில் மூன்று இடத்தில் தலையில் புள்ளி வைத்த ஓ. பழைய வழக்கப்படி புள்ளியை உதிர்த்திருந்தால் முப்பத்தாறு கட்டம். அதற்குமேல் இரண்டு அம்புமுனை, ஒரு எழுத்து. முப்பத்தொன்பது கச்சிதம். அக்காவுக்கு எம், தங்கைக்கு டி. அந்த ஒற்றை எழுத்து போதும், இருவரும் இருவராக இருப்பார்கள். புது வழக்கப்படி மூன்று ஓ-வுக்கும் மூன்று ஈ சேர்ந்தது. முப்பத்தாறு முப்பத்தொன்பது ஆயிற்று. கூடை இருந்திருந்தால் பென்சிலால் வாலில் மூன்று எழுத்தைச் சீவி, எம்முக்கும் டிக்கும் இடம் செய்திருப்பாள். கூடை இல்லை. கணினி கத்தரித்தது. வரியின் கடைசிக் கட்டத்தில் அம்புமுனைக்குப் பதில் எழுத்து நின்றது. பெயர் வெட்டுப்பட்டிருக்கலாம் என்று இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அது ஒன்றே சொல்லிவிடும். இரண்டு பாஸ்போர்ட்டின் முதல் வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

ஏழு வாரத்துக்கு முன் இவை அடுத்தடுத்து அவள் மேஜைக்கு வந்தன. பச்சை, பச்சை. அவள் பார்த்தாள். ஒரே தேதியில் பிறந்த இருவர் என்றும் பார்த்தாள். இது நிச்சயம் வில்லங்கமாகித் திரும்பி வரும், புள்ளிவிவரம் பதில் சொல்லிச் சாகட்டும் என்று நினைத்து, நோட்டில் ஒன்பதாவது, பத்தாவது வரியாக எழுதிவிட்டுத் தள்ளினாள். அன்று டீ கூடுதல் ருசியாக இருந்தது என்பதுகூட நினைவுக்கு வந்தது.

“இத அனுப்புறதுக்கு முன்னாடி யாருமே பாக்க மாட்டாங்களா மேடம்?” என்று செவிலி கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் அல்ல, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“மெஷின் பாக்கும்,” என்றாள் பூதக்கண்ணாடி. முகத்தை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.

புள்ளிவிவரம் தன் அறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாஸ்போர்ட்டைத் திறந்து மேலே இருந்த பெயரில் விரலை வைத்தார்.

“இதோ, முழுப் பேரும் சரியா அச்சாயிருக்கே. அடியில இருக்கிறது மெஷினுக்கு. நீளப் பேருன்னா வெட்டத்தான் செய்யும். அது சர்வதேச விதிம்மா.”

“வெட்டலாம் சார். சொந்தப் பேருல ஒரு எழுத்தாவது விடணும். அதுவும் அதே விதிதான். அடுத்த பாரா.”

அடுத்த பாராவை அவர் வாசித்ததில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. வெளியே நின்ற பலகையைக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவள் அந்தப் பார்வையைப் படித்தாள். அலுவலகப் பிழை என்று படிவம் போட்டால் இரண்டு பாஸ்போர்ட்டும் மறுநாளே புதிதாக அச்சாகும். ஆனால் பலகையில் பூஜ்யம் விழும். விண்ணப்பதாரர் கேட்ட திருத்தம் என்று போட்டால் பலகை பிழைக்கும், ஆறு வாரம் ஆகும், பெண்களின் வேலை போகும். இருநூற்றுப் பதினொன்றா, இரண்டு பெண்களா என்று அந்த மனிதர் உண்மையாகவே யோசித்தார். யோசிக்கிற விஷயமா இது?

“திருத்தம்னு போட்டுடுங்க. நாம சீக்கிரம் பண்ணிக் குடுப்போம், அஞ்சு வாரத்துல,” என்றார்.

அவள் வெளியே வந்து, வெள்ளிக்கிழமை காலை வரும்படி செவிலியிடம் சொன்னாள். கடிதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவர் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி. புள்ளிவிவரத்தைப் பற்றி அவள் திட்டுவதைக் கேட்பது அவருக்குத் தினசரி செய்தித்தாள் மாதிரி. அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினாள். அந்த முட்டாள், அந்த மூன்று ஈ, அந்தச் சிரிப்பு. சொல்லிக்கொண்டே வந்தவள், நோட்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். மெச்சுவார் என்று நினைத்தாள்.

“எத்தனை எழுதி வெச்சிருக்க?” என்றார் அவர்.

“பதினேழு.”

“எல்லாம் தெரிஞ்சே அனுப்பினது?”

“அவர்தானே அனுப்பச் சொன்னாரு? நான் சொன்னப்போ சிரிச்சாருல்ல?”

அவர் காலைத் துடைத்துக்கொண்டார். “டிப்போ மேனேஜர் மேல எனக்கும் ஆயிரம் கோவம் இருந்திருக்கு. அதுக்காகப் பிரேக் பிடிக்கலன்னு தெரிஞ்ச பஸ்ஸ, அவன் பேரு கெடட்டும்னு ரோட்டுல எறக்கினதில்ல. பஸ்ஸுக்குள்ள ஆளு இருப்பாங்கல்ல?”

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பாத்திரம் கழுவப் போனாள். ஒரே தட்டை மூன்று முறை தேய்த்தாள். அடையாளம் தெரியாமல் காலில் கட்டின நூல் என்று அந்தத் தச்சர் சொன்னது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் காதில் விழுந்தது. அவிழ்த்தது சர்க்கார் அல்ல என்று அவளுக்குத் தெரியும். வெட்கம் என்றால் இதுதான் என்று ஐம்பத்து நாலாம் வயதில் அவளுக்கு விளங்கியது, அதுவும் நன்றாகவே விளங்கியது.

வியாழக்கிழமை காலை, பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு எழுதப்படுவதற்கு முன்பே அவள் மேலாளர் அறையில் இருந்தாள்.

“சார், அலுவலகப் பிழைப் படிவம் போடலாம். பிழை யாரோடதுங்கிற கட்டத்துல என் பேர எழுதிக்கிறேன்.”

புள்ளிவிவரத்தின் முகம் மலர்ந்தது. மனிதப் பிழை! சுற்றறிக்கைக்குப் பழுதில்லை, மென்பொருளுக்குப் பழுதில்லை, ஒரு வயதான பெண்ணின் கண் மங்கிவிட்டது. பலகையில்கூட ‘மனிதப் பிழை நீங்கலாக’ என்று ஒரு ஓரத்தில் எழுதிவிட்டு எண்ணைத் தொடரலாம். மனதுக்குள் கணக்குப் போட்டது அப்படியே வெளியே தெரிந்தது.

“உங்களுக்கு வருத்தமா இருக்கும். இருபத்தேழு வருஷ ரெக்கார்டு,” என்று அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க தப்பு இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா பிரிவு நல்லா இருக்கணும் பாருங்க. உங்கள வேற செக்ஷனுக்கு மாத்தும்போது நல்ல எடமாப் பாத்து நானே போடுறேன்.”

பொய்ப்பழியை ஒருத்தி தலையில் கட்டிவிட்ட பெருந்தன்மையில் அவர் கண்கூடக் கலங்கியது. அவள் அவரை லென்ஸ் இல்லாமலே பார்த்தாள். இந்த ஆளிடம் உண்மையைச் சொன்னாலும் அவருக்குப் புரியாது. அவர் பொய் என்று நினைத்துக் கேட்டதைத்தான் அவள் நிஜமாகவே செய்திருக்கிறாள்.

அவள் தன் மேஜைக்கு வந்து படிவத்தை நிரப்பினாள். பிழை செய்தவர்: தான். விவரம் என்ற கட்டம் பெரியது. அதில் எழுதினாள். சொந்தப் பெயர் முழுவதும் விடுபட்டதைப் பார்த்தேன். விதி எனக்குத் தெரியும். பச்சை விளக்கு எரிந்தால் ஒப்புநோக்க வேண்டாம் என்ற சுற்றறிக்கையைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நிறுத்தாமல் அனுப்பினேன். சரிபார்ப்பு இலக்கம் பெயர் வரியைக் காக்காது. புள்ளி எழுத்தை இரண்டாக விரித்ததும், நீளப்பெயரைக் கையால் குறைப்பதை நிறுத்தியதும் சேர்ந்து இந்த மாதிரி இன்னும் பதினைந்து பாஸ்போர்ட் வெளியே போயிருக்கின்றன. பட்டியல் இணைப்பில். நோட்டிலிருந்து அந்தப் பக்கங்களை ஸ்கேலை வைத்து நேராகக் கிழித்து, படிவத்தோடு சேர்த்துக் குத்தினாள். ‘இணைப்பு: மூன்று பக்கம்’ என்று தெளிவாக எழுதினாள். எதையும் ஒளிக்கவில்லை, எழுத்தைச் சிறியதாக்கவும் இல்லை.

புள்ளிவிவரம் படிவத்தை வாங்கினார். பிழை செய்தவர் கட்டத்தைப் பார்த்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பேனா முனையால் தட்டித் தட்டி எண்ணினார். நிரம்பியிருந்தது. கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. பச்சை எரிந்துவிட்டது, அவருக்கு அவ்வளவுதான் வேண்டும்.

படிவத்தின் ஒரு படி அச்சுக்கூடத்துக்கு இறங்கியது, இன்னொன்று தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அச்சுக்கூடத்துக்குப் போனதோடு அவள் இரண்டு தாள் வைத்திருந்தாள். பென்சில் கட்டங்கள். முப்பத்தாறில் குடும்பப் பெயரை நிறுத்தி, இரண்டு அம்புமுனை, எம். இன்னொன்றில் டி. அச்சுக்காரர் பக்கத்திலேயே நின்று, வரி ஏறுகிற வரை பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புள்ளிவிவரம் எழுந்து நின்று பேசினார், பிறகு உட்கார்ந்து பேசினார், பிறகு பேசவே இல்லை. பதினேழு பாஸ்போர்ட்டையும் திரும்ப வாங்கி மாற்றிக் கொடுக்க உத்தரவு. மூன்று சுற்றறிக்கையும் நிறுத்திவைப்பு. தன் கையெழுத்தோடு தன் வண்டவாளத்தைத் தானே தபாலில் அனுப்பிய அதிகாரியைத் தலைமை அலுவலகம் அதற்குமுன் பார்த்ததில்லையாம். பூதக்கண்ணாடிக்கும் ஒரு உறை வந்திருந்தது. விளக்கம் கேட்கும் குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். அதை மடித்து, நோட்டு இருந்த இழுப்பறையில் வைத்தாள். எட்டு மாதமாகக் காத்திருந்த நாள் இது. அந்த ஆள் மூக்குடைந்து உட்கார்ந்திருக்கிறார், எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

யாரோ ஒரு கடைநிலை ஊழியர் பலகையைத் துடைத்துப் பூஜ்யம் போட்டார். கொஞ்சம் பெரிதாகவே போட்டார்.

பத்து மணிக்குச் செவிலி வந்தாள். இந்த முறை அக்காவும் கூட வந்திருந்தாள், தாடையில் தழும்போடு, படிக்கட்டுப் பக்கம் அப்பாவோடு நின்றாள். விசா அலுவலகம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். பூதக்கண்ணாடி இரண்டு பாஸ்போர்ட்டையும் விளக்கடியில் வைத்து, லென்ஸை அவள் பக்கம் திருப்பினாள்.

“இங்க பாரும்மா. கடைசி மூணு கட்டம். அம்பு, அம்பு, டி. இது நீ. இதுல எம். இது உங்க அக்கா.”

செவிலி குனிந்து பார்த்தாள். முகம் தெளிந்தது. “ரொம்ப நன்றி மேடம். நீங்க இல்லேன்னா…” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு மெஷின் பாக்கும்னு சொன்னேன்ல. அது பொய். நான்தான் பாத்தேன். உங்க ரெண்டு பேரு லைனும் ஒண்ணா இருக்குன்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன். எங்க மேனேஜரு மாட்டட்டும்னு.”

செவிலிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் கத்துவாள் என்று பூதக்கண்ணாடி எதிர்பார்த்தாள், கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

“நாங்க ஆஸ்பத்திரியில டாக்டரோட சண்டை போடுவோம் மேடம்,” என்றாள் செவிலி மெதுவாக. “தப்பான மருந்து எழுதினா எழுதினவரோட சண்டை போடுவோம். அதுக்காக அந்த ஊசிய நோயாளிக்குப் போட மாட்டோம்.”

பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள். இரண்டடி போனவள் நின்றாள். திரும்பி வந்து, இரண்டையும் மறுபடியும் வெளியே எடுத்து, மேஜைமேல் லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.

“இன்னொரு தடவ பாத்துடுங்க மேடம்,” என்றாள். “இந்தத் தடவ எங்களுக்காகப் பாருங்க.”

படிக்கட்டில் அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பூதக்கண்ணாடி பென்சிலை எடுத்தாள். முதல் கட்டத்திலிருந்து, எழுத்து எழுத்தாக, உதடு அசைய, நாற்பத்து நான்கு வரைக்கும் எண்ணினாள். பிறகு அடுத்ததை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.